நம்ம ஊருக்குப் பிரதோஷம் எத்தனை மணிக்கு?

 

ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் இரண்டு நாள் முன்னாலேயே கோவில் தொலைபேசிக்கு ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கும். “காலண்டர்ல 4.30 – 6.00னு போட்டிருக்கு. நான் வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள 7 ஆயிடும். அப்ப எனக்குப் பிரதோஷம் போச்சா?” போன மாதம் ஓர் அம்மா, இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று வருடமாக விரதத்தையே விட்டுவிட்டதாகச் சொன்னார். அவருக்குத் தனியாகச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எல்லாருக்கும் எழுதுகிறோம். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். பிரதோஷம் என்றால் தோஷம் போக்கும் நேரம் என்றுதான் நம்மில் பலரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். பலனைச் சொல்வதற்கு அது சரிதான். ஆனால் வடமொழியில் ‘தோஷா’ என்று நீட்டிச் சொன்னால் இரவு என்று பொருள். ‘ப்ரதோஷ’ என்பது இரவின் முன்பகுதி, அதாவது பொழுது சாய்ந்து இருட்டும் வேளை. இந்த விரதத்தின் பெயரே ஒரு வேளையின் பெயர். அந்த வேளையைத் தீர்மானிப்பது சூரியன், சுவர்க்கடிகாரம் இல்லை.

கோவில் வழக்கில் இதற்குக் கணக்கு உண்டு. சூரியன் மறைவதற்கு முன் மூன்றே முக்கால் நாழிகை, மறைந்த பின் மூன்றே முக்கால் நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். மூன்றே முக்கால் நாழிகை என்றால் 90 நிமிடம். ஆக, முன்னால் ஒன்றரை மணி நேரம், பின்னால் ஒன்றரை மணி நேரம். தமிழ்நாட்டில் சூரியன் மறைவதைச் சராசரியாக 6 மணி என்று வைத்துக்கொண்டால் 4.30 முதல் 7.30 வரை. அதில் முதல் பாதியைத்தான் காலண்டர்களில் ‘பிரதோஷ நேரம் 4.30 – 6.00’ என்று அச்சடிக்கிறார்கள். அந்த ஊருக்கு அது பொருந்தும். அதே காலண்டர் கப்பல் ஏறி நம்ம கடைக்கு வந்து, நம்ம வீட்டுச் சுவரில் தொங்குகிறபோதுதான் சிக்கல்.

ஏன் சிக்கல்? கோலாலம்பூரில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.30க்குள். சிங்கப்பூரில் அதற்கு எட்டுப் பத்து நிமிடம் முன்னால். கோத்தா கினபாலுவில் இதே கடிகாரப்படி 6 மணிக்கு மேல் கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடும். மூன்று ஊருக்கும் கடிகாரம் ஒன்று, பொழுது வேறு. கோலாலம்பூரில் 4.30 மணிக்கு வெயில் எப்படிக் கொளுத்தும் என்று உங்களுக்கே தெரியும். அதை யாராவது அந்தி என்று சொல்வார்களா?

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கேதான் நம்ம ஊர் சரித்திரம் கொஞ்சம் வருகிறது.

1905ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி முன்னால் என்று கடிகாரத்தை வைத்தார்கள். அந்தக் கணக்கில் கோலாலம்பூரில் சூரியன் மறைவது சுமார் 6.15. ரயில்வேயிலும் தோட்டத்திலும் வேலைக்கு வந்த நம்ம முன்னோர் ஊரில் பார்த்த அந்தி நேரமும் இங்கே பார்த்த அந்தி நேரமும் கடிகாரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். 4.30 என்று சொன்னாலும் பெரிய தவறு வராது. 1933ல் கடிகாரத்தை 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள், அந்தி 6.35 ஆனது. 1941ல் இன்னும் 10 நிமிடம், 6.45. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம் வந்ததால் ஒரேயடியாக 8.15க்குப் போனது. போர் முடிந்ததும் பழையபடி 6.45. கடைசியாக 1982 ஜனவரி 1ஆம் தேதி, தீபகற்ப மலேசியாவின் நேரத்தை சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக அரை மணி நேரம் முன்னே நகர்த்தினார்கள். சிங்கப்பூரும் அதே நாளில் மாற்றிக்கொண்டது. அந்தி 7.15க்கு வந்தது.

சூரியன் அசையவே இல்லை. கடிகாரம்தான் எண்பது வருடத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. ‘4.30’ என்ற எண் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

1982ஐ நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பு இந்தியப் பஞ்சாங்கத்தோடு 2 மணி நேரம் கூட்டினால் நம்ம நேரம். இப்போது இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். பழைய பழக்கத்தில் இன்னமும் 2 மணி நேரம் மட்டும் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், திதி பார்ப்பதில் அரை மணி நேரம் அங்கேயே பிசகிவிடும்.

சரி, அப்போ நம்ம நேரம் என்ன? உங்கள் ஊரில் அன்றைக்குச் சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள். கைப்பேசியில் வானிலையைத் திறந்தாலே இருக்கும். அதுகூட வேண்டாம், பக்கத்துப் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்வது சூரியன் மறைந்தவுடன்தான், ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கும். இந்த நாட்டில் அந்தியைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. 7.16க்கு மறைகிறது என்றால் பிரதோஷ காலம் 5.46லிருந்து 8.46 வரை. காலண்டரில் போட்டிருக்கும் 4.30 – 6.00ல் நமக்குப் பொருந்துவது கடைசிக் கால் மணி நேரம் மட்டும். 7 மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்குப் பிரதோஷம் போகவில்லை, நடுவில்தான் வந்திருக்கிறார்.

இதனால்தான் எங்கள் கோவிலில் குருக்கள் ஐயா அபிஷேகத்தை 6 மணிக்கு ஆரம்பித்து, தீபாராதனையை ஏழே காலுக்கு மேல் வரும்படி வைத்திருக்கிறார். சில கோவில்களில் 5 மணிக்கே முடித்துவிடுவார்கள். அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கலாம், அதில் நாம் தலையிட வேண்டாம்.

நேரத்தைவிடக் கொஞ்சம் சிக்கலானது நாள். பிரதோஷ விரதம் என்பது திரயோதசி திதி அந்தியில் இருக்கும் நாள். திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது, உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மாறும். ஆனால் அந்தி ஊருக்கு ஊர் வேறு. கோலாலம்பூரில் சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் சென்னையில் மறைகிறது. அந்த ஒன்றரை மணி நேர இடைவெளிக்குள் திரயோதசி பிறந்தால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சென்னைப் பஞ்சாங்கத்தில் வியாழக்கிழமை மாலை 5.40க்குத் திரயோதசி ஆரம்பம், வெள்ளிக்கிழமை மாலை 5.10 வரை என்று இருக்கிறது. சென்னையில் சூரியன் மறைவது 6.15. வியாழன் அந்தியில் திரயோதசி இருக்கிறது, வெள்ளி அந்தியில் இல்லை. அங்கே வியாழன்தான் பிரதோஷம். இப்போது இரண்டரை மணி நேரம் கூட்டுங்கள். நமக்குத் திரயோதசி வியாழன் இரவு 8.10க்கு ஆரம்பம், வெள்ளி இரவு 7.40 வரை. நம்ம அந்தி 7.16. வியாழன் அந்தியில் இன்னும் துவாதசிதான் ஓடுகிறது, வெள்ளி அந்தியில்தான் திரயோதசி. சூரியன் மறையும் கணத்தை வைத்துப் பார்த்தால் நமக்கு வெள்ளிக்கிழமை.

ஆண்டுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து பிரதோஷம் வருகிறது. அதில் ஒன்றிரண்டு இப்படி மாட்டிக்கொள்ளும். வியாழன் 8.10க்கே திரயோதசி வந்துவிட்டது, அது பிரதோஷ காலத்தைத் தொடுகிறதே, அன்றைக்கே செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆகவே நாள் விஷயத்தில் உங்கள் கோவில் சொல்வதைக் கேளுங்கள், குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம். கைப்பேசிப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் ஊர்ப் பெயர் சென்னை என்று இருக்கிறதா, கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சனிப்பிரதோஷம் வெள்ளியாகிவிட்டது, சோமவாரப் பிரதோஷம் செவ்வாயாகிவிட்டது என்று வாட்சாப்பில் வரும் குழப்பத்தில் பாதி இந்த ஊர்ப் பெயரால் வருவதுதான்.

இனி வீட்டு வழிபாடு.

ஆலகால விஷத்தை உண்டு, நந்தியின் இரு கொம்புக்கு நடுவே சுவாமி ஆடிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதை கோவிலுக்கு உரியது. வீட்டுக்கு உரிய கதை ஒன்று பிரமோத்தர காண்டத்தில் இருக்கிறது. கந்தபுராணத்தின் வடமொழி மூலத்தில் வரும் பகுதி இது. தமிழில் பாடியவர் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த வரதுங்கராம பாண்டியர், 16ஆம் நூற்றாண்டு.

விதர்ப்ப நாட்டு அரசன் சத்தியரதன் போரில் இறந்துவிடுகிறான். கர்ப்பிணியான அரசி காட்டுக்கு ஓடிவந்து ஆண் குழந்தை பெற்று, தண்ணீர் குடிக்கப் பொய்கையில் இறங்கும்போது முதலை பிடித்துவிடுகிறது. அந்த வழியாக வந்தவள் உமை என்ற ஏழை அந்தணப் பெண். கையில் ஒரு பிள்ளை ஏற்கெனவே இருக்கிறது. கரையில் அழுத குழந்தையையும் எடுத்துக்கொண்டு இரண்டையும் பிச்சை எடுத்து வளர்க்கிறாள். சாண்டில்ய முனிவர் அவர்களுக்குப் பிரதோஷ பூசையைச் சொல்லிக்கொடுக்கிறார். தாயும் இரண்டு பையன்களும் சேர்ந்து செய்கிறார்கள். பிறகு அரசகுமாரனுக்கு நாடு திரும்பக் கிடைக்கிறது.

இதில் எங்களுக்குப் பிடித்த இடம் வேறு. அந்த அரசன் ஏன் அப்படிச் செத்தான் என்று தாய் கேட்கிறாள். முனிவர் சொல்கிறார்: முற்பிறப்பில் அவன் பாண்டிய அரசன். பிரதோஷ வேளையில் பூசை செய்துகொண்டிருந்தபோது வெளியே கூச்சல் கேட்டது. பாதியில் எழுந்து போய்ப் பகைவனைத் தண்டித்துவிட்டு வந்தான், பூசையை முடிக்காமலே உட்கார்ந்து சாப்பிட்டான். குற்றம் நேரம் தவறியதில் இல்லை. பாதியில் விட்டதிலும், முடிக்காமல் சாப்பிட்டதிலும்தான். அரச வேலையே அதற்குச் சாக்காகவில்லை என்றால் கைப்பேசி அடித்தது எப்படிச் சாக்காகும், நீங்களே சொல்லுங்கள். அரை மணி நேரம் பூசை என்றால் அந்த அரை மணி நேரம் முழுதாக இருக்கட்டும். முடியாது என்று தெரிந்தால் பத்து நிமிடப் பூசையாக வைத்துக்கொண்டு அதை முடியுங்கள்.

எங்கள் தொண்டர் குழுவில் உள்ள ஒரு குடும்பம் செய்யும் முறையை அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு. காலையில் குளித்து, திருநீறு பூசி, விளக்கேற்றி இன்று விரதம் என்று மனதில் சொல்லிக்கொள்வார்கள். அந்த அம்மா பகலில் பாலும் பழமும் மட்டும். அவர் கணவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது, மாத்திரை உண்டு. அதனால் மதியம் ஒரு கைச் சோறு, மோர், மிதமாகச் சாப்பிட்டுக்கொள்வார். பட்டினி கிடந்து அலுவலகத்தில் மயங்கி விழுவது யாருக்கும் நல்லதில்லை. பிள்ளைகளுக்கு அன்று வீட்டில் சைவம், அவ்வளவுதான்.

அலுவலகம் போவதற்கு முன்பே அரைக் கிண்ணம் பச்சரிசியைக் கழுவித் தனியாக வைத்துவிடுவார். மாலை 6.40க்கு எல்ஆர்டி விட்டு வீட்டுக்கு வந்ததும் அதில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுக் குளிக்கப் போவார். அரை மணியில் அரிசி நகத்தால் அழுத்தினால் உடையும் பதத்துக்கு வந்திருக்கும். தண்ணீரை நன்றாக வடிகட்டி, கால் கிண்ணம் பொடித்த வெல்லம், ஒரு பிடி தேங்காய்த் துருவல், கொஞ்சம் ஏலக்காய். இதுதான் காப்பரிசி, அடுப்பே வேண்டாம். வெல்லம் இல்லாத நாளில் குலா மலாக்கா சீவிப் போடுவார், சுவாமி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் சரியாக வடியாவிட்டால் வெல்லம் கரைந்து கூழாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்குப் பூசை அறையில் விளக்கு. முதலில் பிள்ளையார். பிறகு கட்டைவிரல் அளவுள்ள சிறிய லிங்கத்துக்கு அபிஷேகம். வீட்டில் வைக்கும் லிங்கம் அதற்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது என்பார்கள். ஒரு தட்டில் வைத்து தண்ணீர், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம், திருநீறு. ஒவ்வொன்றும் ஒரு கரண்டிதான், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். கோவிலில் குடம் குடமாக ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு லிட்டர் பாலை வடிகாலில் விட வேண்டாம். லிங்கம் இல்லாதவர்கள் படத்துக்கு முன் விளக்கேற்றிப் பூப்போட்டால் போதும்.

அப்புறம் வில்வம். இதுதான் நம்ம ஊரில் பெரிய தேட்டம். சிலர் வீட்டில் மரம் வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் பூக்கடையை நம்பியிருக்கிறோம். திங்கட்கிழமையும், சதுர்த்தி, அஷ்டமி, நவமி, சதுர்த்தசி, அமாவாசை, பௌர்ணமி, மாதப் பிறப்பு நாட்களிலும் வில்வம் பறிக்கக்கூடாது என்பது வழக்கு. சோமவாரப் பிரதோஷம் வந்தால் ஞாயிற்றுக்கிழமையே பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கவில்லையே என்று கவலை வேண்டாம், ஒருமுறை சாத்திய வில்வத்தைக் கழுவி மறுபடி சாத்தலாம், வேறு பூவுக்கு இல்லாத சலுகை அது. நந்திக்கு அறுகம்புல் மாலை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாய்க்கால் ஓரத்தில் பிடுங்குகிறபோது களைக்கொல்லி அடித்த இடமா என்று பாருங்கள், நுனி மஞ்சளாகக் கருகியிருந்தால் தொடாதீர்கள்.

பாட்டுக்கு அந்தக் குடும்பம் வைத்திருக்கும் முறை எளிது. பெரிய பிள்ளை திருநீற்றுப் பதிகம், அம்மா சிவபுராணம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து ‘நமசிவாய’ 108. சின்னவன் எண்ணுவதற்கு உருத்திராட்ச மாலையைப் பிடித்துக்கொள்வான். இதில் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடமொழி தெரிந்தவர்கள் லிங்காஷ்டகம் சொல்லலாம். இரண்டும் தெரியாதவர்கள் ஐந்தெழுத்து மட்டும் சொன்னால் போதும். கற்பூரம் காட்டி, காப்பரிசியைப் படைத்து, ஏழே முக்காலுக்கு முடியும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சாப்பாடு. தோசை, சட்னி, இல்லாவிட்டால் தயிர்ச்சோறு.

கோவிலுக்கு வர முடிகிறவர்களுக்கு ஒரு விஷயம், சோமசூக்தப் பிரதட்சிணம். பிரதோஷத்தன்று மட்டும் சுற்றும் முறை மாறும். கருவறையில் இருந்து அபிஷேக நீர் வெளியே வரும் கோமுகியைத் தாண்டக்கூடாது. நந்தியிடம் ஆரம்பித்து இடப்பக்கமாகச் சண்டிகேசுவரர் வரை போய், வந்த வழியே நந்திக்குத் திரும்ப வேண்டும். பிறகு வலமாகக் கோமுகி வரை போய், மறுபடி நந்திக்கு. திரும்பவும் சண்டிகேசுவரர், அங்கிருந்து நந்தியிடம் நிற்காமல் கோமுகி, நிற்காமல் மறுபடி சண்டிகேசுவரர், கடைசியில் நந்தி. அங்கே நின்று இரு கொம்புக்கு நடுவே சுவாமியைப் பார்த்துக் கும்பிட வேண்டும். எதிரும் புதிருமாக நடப்பதால் கூட்டத்தில் இடித்துக்கொள்ள நேரும். உள்பக்கமாகப் போகிறவர்கள் உள்பக்கமாகவே திரும்புங்கள் என்று நாங்கள் கயிறு கட்டுவது இதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கோவிலில் கோமுகி எங்கே என்று தெரியாதவர்கள் வடக்குப் பக்கச் சுவரில் பாருங்கள், பித்தளை வாய் தெரியும்.

அடுத்த பிரதோஷத்துக்கு அபிஷேகப் பால் கொடுக்க விரும்புகிறவர்கள் 5.30க்குள் மடப்பள்ளியில் சேர்த்துவிடுங்கள். 7 மணிக்கு மேல்தான் வர முடியும் என்கிறவர்கள் பாலுக்குப் பதிலாக வில்வமோ அறுகம்புல்லோ கொண்டுவரலாம், தீபாராதனைக்கு முன்னால் சாத்திவிடுவோம். வாசல் 9 மணி வரை திறந்திருக்கும்.